லேப்டாப் ஹார்டு டிஸ்க்கில் லோடு சைக்கிள் லட்சத்தைத் தாண்டினால்

அக்கா மகன் கல்லூரிக்குக் கொண்டுபோகும் பழைய லேப்டாப்பில் 500 ஜிபி ஹார்டு டிஸ்க் இருக்கிறது. அதில் உபுண்டு போட்டிருக்கிறான். கீபோர்டு மாற்றுவதற்காக ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தபோது, அங்கே டிஸ்க்கையும் சோதித்துப் பார்த்து, "ஹெட் பார்க்கிங் ரெண்டு லட்சத்தைத் தாண்டிடுச்சு, டிஸ்க் எப்ப வேணாலும் போகும், மாத்திடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். "மாமா, உண்மையாவே போயிடுமா?" என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றான். இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையை முதன்முதலாகத் திறந்து பார்க்கும் எவருக்கும் 193-ஆம் எண்ணுள்ள வரி பயத்தைத்தான் தரும். மற்ற வரிகளில் பெரும்பாலும் பூஜ்யமோ சிறிய எண்ணோ இருக்க, அந்த ஒரு வரியில் மட்டும் ஆறு இலக்கம் நிற்கும்.

முதலில் அறிக்கையைப் பார்த்தோம்.

```
sudo smartctl -A /dev/sda
```

நீண்ட பட்டியல் வரும். இந்த விஷயத்துக்கு அதில் வேண்டியவை இரண்டே வரிகள். `Power_On_Hours` என்பது டிஸ்க் இதுவரை ஓடிய மணி நேரம்; அதில் 1874 இருந்தது. இன்னொன்று இது:

```
193 Load_Cycle_Count 0x0012 077 077 000 Old_age Always - 231007
```

கடைசியில் நிற்கும் 2,31,007 தான் கடையில் பயமுறுத்திய எண்.

அது எதை எண்ணுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஹார்டு டிஸ்க்கின் உள்ளே தட்டு சுழல்கிறது. அதன் மேல் சில நானோமீட்டர் உயரத்தில், காற்றின் மெல்லிய படலத்தில் மிதந்தபடி ஹெட் படிக்கிறது, எழுதுகிறது. பழைய டிஸ்க்குகளில், சுழற்சி நின்றால் ஹெட் தட்டின் உள்வட்டத்தில் அதற்கென ஒதுக்கிய இடத்தில் இறங்கி உட்காரும். லேப்டாப் டிஸ்க்குகளில் அப்படி இல்லை. தட்டின் வெளி விளிம்பை ஒட்டி பிளாஸ்டிக்கில் ஒரு சிறிய சாய்வு மேடை இருக்கும், அதை ராம்ப் என்பார்கள். ஹெட்டைத் தாங்கும் கையின் நுனி அந்தச் சாய்வில் ஏறி, ஹெட் தட்டை விட்டு முழுவதும் விலகி நிற்கும். அப்படி விலகி நிற்பதுதான் பார்க்கிங். மறுபடி வேலை வந்ததும் ராம்ப்பிலிருந்து இறங்கித் தட்டின் மேல் வர வேண்டும். ஏறி இறங்கும் இந்த ஒரு சுற்று ஒரு லோடு சைக்கிள்.

இதற்காகத் தட்டின் சுழற்சி நிற்க வேண்டியதில்லை. தட்டு அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, ஹெட் மட்டும் போய் ராம்ப்பில் நிற்கும். சுழற்சி நின்று தொடங்குவதை எண்ணும் வரி வேறு, அதன் பெயர் `Start_Stop_Count`. பலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து, டிஸ்க் இரண்டு லட்சம் முறை நின்று ஓடியிருக்கிறது என்று கலங்குகிறார்கள். இவன் லேப்டாப்பில் அந்த எண் ஆயிரத்துச் சொச்சம்தான்.

ஹெட் இப்படி ஒதுங்குவதால் இரண்டு நன்மைகள். ஹெட்டைத் தடத்தில் பிடித்து வைக்கும் மின்சுற்று ஓய்வெடுப்பதாலும், தட்டின் மேல் காற்றின் இழுவை குறைவதாலும் கொஞ்சம் மின்சாரம் மிச்சமாகும். ஒரு வாட்டுக்கும் குறைவுதான், ஆனால் பேட்டரியில் ஓடும்போது அதுவும் கணக்கில் வரும். இரண்டாவது, லேப்டாப் கை தவறி மேசையில் இடித்தால், தட்டுக்கு மேல் ஹெட் இல்லாததால் மோதிக் கீறாது. லேப்டாப் டிஸ்க்குகளின் விவரத் தாளில் அதிர்ச்சி தாங்கும் அளவு இரண்டு விதமாகக் கொடுத்திருப்பார்கள். ஓடும்போது தாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஓடாதபோது தாங்கும். அந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் ஹெட் எங்கே நிற்கிறது என்பதே. ஆகவே பார்க்கிங் என்பது கோளாறு இல்லை, டிஸ்க் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி.

அப்புறம் ஏன் எண்ண வேண்டும்? ஒவ்வொரு முறையும் கையின் நுனி அந்தப் பிளாஸ்டிக் சாய்வில் உரசி ஏறுகிறது. லட்சக்கணக்கான உரசலில் ராம்ப் தேயும், நுண்ணிய துகள் உண்டாகும். அந்தத் துகள் தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையில் போனால் ஆபத்து. அதனால் தயாரிப்பாளர்கள் லேப்டாப் டிஸ்க்குகளுக்கு வழக்கமாக 6 லட்சம் லோடு சைக்கிள் என்று அளவு குறிக்கிறார்கள். சில டிஸ்க்குகளுக்கு அது 3 லட்சம். வாங்கிய டிஸ்க்கின் விவரத் தாளில் இந்த எண்ணைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அந்த 6 லட்சத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் குழப்பம் வருகிறது. இத்தனை சுற்று வரை தாங்கும் வகையில் வடிவமைத்தோம், சோதித்தோம் என்பதே அதன் பொருள். 6,00,001-ஆவது சுற்றில் டிஸ்க் நின்றுவிடும் என்று இல்லை. பத்து லட்சத்தைத் தாண்டியும் நன்றாக ஓடும் டிஸ்க்குகள் உண்டு. அறிக்கையின் அந்த வரியைக் கூர்ந்து பார்த்தால் இது தெரியும். 077 என்பது டிஸ்க் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண். நூறில் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். அடுத்து வரும் 077 இதுவரை தொட்ட மிகக் குறைந்த மதிப்பெண். அதற்கடுத்த 000 தான் எச்சரிக்கைக் கோடு. கோடு பூஜ்யத்தில் இருப்பதால், இந்த ஒரு வரியை வைத்து டிஸ்க் தன்னைப் பழுதானதாக ஒருபோதும் அறிவிக்காது. வலப்பக்கம் இருக்கும் `Old_age` என்ற சொல்லும் இந்த டிஸ்க்குக்கு வயதாகிவிட்டது என்று சொல்லவில்லை. இது பயன்பாட்டால் தேயும் வகை அளவீடு என்று மட்டுமே அதற்குப் பொருள். புத்தம் புது டிஸ்க்கிலும் அந்தச் சொல் அங்கே இருக்கும். மதிப்பெண் குறையும் வேகமும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். இந்த டிஸ்க்கில் பத்தாயிரம் சுற்றுக்கு ஒன்று குறைகிறது. இரண்டு லட்சத்திலேயே 001-க்கு வந்துவிடும் டிஸ்க்குகளும் உண்டு. அதனால் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, கடைசியில் உள்ள எண்ணையும் ஓடிய மணி நேரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டோம்.

2,31,007-ஐ 1874-ஆல் வகுத்தால் மணிக்கு சுமார் 123. இந்த வகுத்தல்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். மொத்த எண் என்பது கடந்து போனது, அதை யாரும் குறைக்க முடியாது. மணிக்கு எத்தனை என்பது இப்போது நடப்பது. 6 லட்சத்தை எட்ட இன்னும் 3,69,000 சுற்று பாக்கி இருக்கிறது. மணிக்கு 123 வீதம் போனால் 3000 மணி நேரம். தினம் ஐந்து மணி நேரம் ஓடும் லேப்டாப்பில் அது 600 நாள், இரண்டு வருடம்கூட இல்லை. கடையில் சொன்னதுபோல நாளைக்கே போகப் போவதில்லை, ஆனால் இப்படியே விடவும் கூடாது. மணிக்குப் பத்து, இருபது என்றிருந்தால் அவனிடம் "இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியிருப்பேன். என் அளவில், மணிக்கு ஐம்பதைத் தாண்டினால் ஏன் என்று தேடுவேன்.

123 என்பது வாழ்நாள் சராசரி. இன்றைய வேகம் என்ன? லேப்டாப்பைத் திறந்து வைத்து, ஃபயர்ஃபாக்ஸில் ஒரு பக்கத்தைத் திறந்து, எதையும் தொடாமல் அரை மணி நேரம் விட்டோம். மறுபடி பார்த்தபோது 2,31,085. அரை மணியில் 78 சுற்று, அதாவது 23 வினாடிக்கு ஒன்று. மின்விசிறியை நிறுத்திவிட்டு, கை வைக்கும் இடத்தில் காதை வைத்துக் கேட்டால் அது கேட்கவும் செய்தது. மெலிதாக ஒரு "டிக்", கொஞ்ச நேரம் அமைதி, மறுபடி ஒரு "டிக்". ஒரே சீராக வரும் இந்த மெல்லிய சத்தம் பார்க்கிங்குடையது. படிக்க முடியாமல் திணறும் டிஸ்க்கின் சத்தம் வேறு. அது பலமாக, தொடர்ச்சியாக நாலைந்து முறை தட்டும், அந்த நேரத்தில் கணினியும் உறைந்து நிற்கும்.

(இப்படி அளக்கும்போது வினாடிக்கு ஒருமுறை `smartctl` கொடுத்துப் பார்க்க வேண்டாம். சில டிஸ்க்குகளில் அறிக்கை கேட்பதே ஹெட்டை எழுப்பிவிடும், அளவு தப்பாகும். தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று போதும்.)

எதையும் தொடாத கணினியில் 23 வினாடிக்கு ஒருமுறை ஏன் எழுந்திருக்க வேண்டும்? இங்கே இரண்டு கடிகாரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் ஓடுகின்றன. டிஸ்க்கின் உள் நிரலுக்குப் பொறுமை குறைவு. எட்டு, பத்து வினாடி வேலை வராவிட்டால் "இனி யாரும் கூப்பிட மாட்டார்கள்" என்று ஹெட்டை ஒதுக்கிவிடுகிறது. லினக்ஸோ எழுத வேண்டியதைச் சேர்த்து வைத்து, இடைவெளி விட்டு எழுதுகிறது. எக்ஸ்ட்4 கோப்பு முறை தன் குறிப்பேட்டை வழக்கமாக 5 வினாடிக்கு ஒருமுறை டிஸ்க்கில் பதியும். கோப்பின் உள்ளடக்கம் சுமார் 30 வினாடி நினைவகத்தில் காத்திருந்து பிறகு எழுதப்படும். ஆகவே ஏதோ ஒரு நிரல் ஒரே ஒரு வரியை எழுதினாலும், ஐந்து வினாடியில் ஒருமுறையும் அரை நிமிடத்தில் இன்னொருமுறையும் டிஸ்க்கைத் தொட நேரும். இரண்டுக்கும் நடுவில் ஹெட் ஒதுங்கியிருக்கும். பாயில் தலை சாய்த்த ஒருவரை நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை வாசலில் நின்று கூப்பிட்டு எழுப்புவது போலத்தான் இது.

2007 வாக்கில் "உபுண்டு லேப்டாப் டிஸ்க்கைக் கொல்கிறது" என்று பெரிய பரபரப்பு கிளம்பியதன் பின்னால் இருந்ததும் இந்தச் சிக்கல்தான். இயங்குதளத்தை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு அப்போதும் சரியாகப் படவில்லை. டிஸ்க்கின் அவசர புத்தியும் இயங்குதளத்தின் தாளமும் சேர்ந்து செய்த வேலை அது.

அதனால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். முதலில் யார் எழுதுகிறார்கள் என்று தேடினோம்.

```
sudo iotop -o -P -a
```

பத்து நிமிடம் ஓடவிட்டால், அந்த நேரத்தில் டிஸ்க்கைத் தொட்ட நிரல்கள் மட்டும் கூட்டுத் தொகையோடு நிற்கும். `jbd2` என்று தொடங்கும் பெயர் கோப்பு முறையின் குறிப்பேடு, அது எப்போதும் இருக்கும். யாரோ எழுதியதன் விளைவு அது, காரணம் அல்ல. ஃபயர்ஃபாக்ஸ் இருந்தது. திறந்திருக்கும் பக்கங்களை அது 15 வினாடிக்கு ஒருமுறை வரை சேமிக்கும், எதுவும் மாறாவிட்டால் சும்மா இருக்கும். எதிர்பாராமல் பட்டியலின் மேலே நின்றது `rsyslogd`. பதிவேட்டில் அப்படி என்னதான் எழுதுகிறது என்று `journalctl -f` கொடுத்துப் பார்த்தால், வீட்டில் இப்போது இல்லாத ஒரு பிரிண்டருக்காக எப்போதோ நிறுவிய ஒரு சேவை. பிரிண்டரைக் காணாமல் நின்று, சில வினாடி கழித்து மறுபடி தொடங்கி, மறுபடி நின்று, ஒவ்வொரு முறையும் நாலு வரி புலம்பல். அதை `systemctl disable --now` கொடுத்து நிறுத்தினோம். மறுபடி அரை மணி நேரம் விட்டுப் பார்த்தபோது 78 இருந்த இடத்தில் 31. டிஸ்க்கின் அமைப்பு எதையும் தொடாமலேயே பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. பலர் நேராக டிஸ்க்கின் அமைப்பை மாற்றப் போய்விடுகிறார்கள். முதலில் இதைச் செய்யுங்கள் என்பேன். தேவையில்லாத எழுத்து நின்றால் பேட்டரியும் கொஞ்சம் கூடுதலாக நிற்கும்.

அடுத்து டிஸ்க்கின் பக்கம்.

```
sudo hdparm -B /dev/sda
```

`APM_level = 128` என்று வந்தது. ஏ.பி.எம். என்பது டிஸ்க்கின் மின்சேமிப்பு அளவு, 1 முதல் 254 வரை. எண் குறையக் குறைய சேமிப்பு தீவிரமாகும். 127 வரை என்றால் தட்டின் சுழற்சியையே நிறுத்தலாம் என்று அனுமதி. 128 முதல் சுழற்சி நிற்காது, ஆனால் ஹெட் ஒதுங்கும். 254 என்றால் வேகத்துக்கே முன்னுரிமை, பெரும்பாலான டிஸ்க்குகள் ஹெட்டை ஒதுக்கவே செய்யாது. 255 கொடுத்தால் இந்த வசதியே அணைந்துவிடும். அப்படி அணைத்தால் சில டிஸ்க்குகள் தங்கள் சொந்தப் பழக்கத்துக்குத் திரும்பி மறுபடி ஒதுக்க ஆரம்பிக்கும் என்பதால் நான் 254-தான் கொடுப்பேன்.

```
sudo hdparm -B 254 /dev/sda
```

அந்த "டிக்" அதோடு நின்றது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எண் அசையவில்லை. வெப்பம் மட்டும் இரண்டு மூன்று டிகிரி கூடியது; நாற்பதுகளின் தொடக்கத்தில் நின்றதால் கவலைப்படவில்லை. கோடையில் ஐம்பதைத் தொட்டால் இந்த அமைப்பை மறுபடி யோசிக்க வேண்டும்.

இத்தோடு முடிந்தது என்று விட்டால் ஏமாந்துவிடுவோம். மூடியை மூடித் தூங்கவைத்துத் திறந்தாலோ, அணைத்துப் போட்டாலோ டிஸ்க் இந்த அமைப்பை மறந்து பழையபடி 128-க்குப் போய்விடும். 254 போட்டும் எண் ஏறுகிறது என்று சொல்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். இன்னொரு விஷயம், எப்போதும் 254 என்பதும் எனக்கு உடன்பாடில்லை. மேசையில் சார்ஜரோடு இருக்கும்போது ஹெட் தட்டின் மேலேயே இருக்கட்டும். பேருந்திலோ வகுப்பிலோ மடியில் வைத்து பேட்டரியில் ஓட்டும்போது ஒதுங்கி நிற்பதுதான் பாதுகாப்பு. அங்கே ராம்ப் தேய்வதைவிட ஓர் இடி பெரிய ஆபத்து. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள `tlp` என்ற நிரல் போதும். `/etc/tlp.conf` கோப்பில் மூன்று வரி:

```
DISK_DEVICES="sda"
DISK_APM_LEVEL_ON_AC="254"
DISK_APM_LEVEL_ON_BAT="128"
```

சார்ஜரைச் செருகும்போதும் கழற்றும்போதும், தூக்கத்திலிருந்து எழும்போதும் அதுவே அமைப்பை மறுபடி போட்டுவிடும். இதை வைத்துக்கொண்டு `hdparm.conf` கோப்பிலும் வேறு எண் எழுதி வைக்காதீர்கள். எது கடைசியாக ஓடியதோ அது ஜெயிக்கும், தேடிக் கண்டுபிடிப்பது சிரமம்.

சில மாதம் கழித்து லேப்டாப்பை மறுபடி கொண்டுவந்தான். ஓடிய நேரம் 2610 மணி, சைக்கிள் சுமார் 2,34,100. இடையில் ஓடிய 736 மணி நேரத்தில் மூவாயிரம் சுற்று, மணிக்கு நாலு. அவையும் பெரும்பாலும் பேட்டரியில் ஓடியபோது ஏறியவை. இந்த வேகத்தில் 6 லட்சத்தை எட்டுவதற்குள் அந்த லேப்டாப்பில் வேறு எல்லாமே பழசாகிவிடும்.

எல்லா டிஸ்க்கும் ஏ.பி.எம். சொல்வதைக் கேட்காது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் சில டிஸ்க்குகளில் ஐடில்3 என்ற தனிக் கடிகாரம் உண்டு. வழக்கமாக 8 வினாடி. அதை `idle3ctl -g /dev/sda` என்று பார்க்கலாம், `-d` கொடுத்து அணைக்கலாம். மாற்றிய பின் கணினியை முழுவதும் அணைத்து மின்சாரம் துண்டித்துப் போட்டால்தான் அமலுக்கு வரும், ரீஸ்டார்ட் மட்டும் போதாது. இது டிஸ்க்கின் உள்ளேயே எழுதப்படும் மாற்றம் என்பதால், செய்வதற்கு முன் தரவை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் இதே வரியை C1 என்ற எண்ணில் பார்க்கலாம். ஆனால் அது எண்களை வழக்கமாகப் பதினாறடிமான முறையில் காட்டும். இவன் டிஸ்க்கில் அது 3865F என்று தெரியும். எழுத்து கலக்காமல் வெறும் இலக்கமாக வந்துவிட்டால், நாம் சாதாரண எண் என்றே நினைத்து நிம்மதி அடைந்துவிடுவோம். `Function` பட்டியலில் `Advanced Feature`, அதற்குள் `Raw Values` போய் `10 [DEC]` என்று மாற்றிக்கொண்டு பிறகு வகுத்துப் பாருங்கள். ஏ.பி.எம். அளவை மாற்றும் இடமும் அதே `Advanced Feature` பட்டியலில் இருக்கிறது.

டிஸ்க் உண்மையில் எப்போது போகும் என்று 193 சொல்லாது. அதற்கு நான் பார்ப்பது வேறு வரிகள். 5-ஆம் எண் `Reallocated_Sector_Ct`, கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள். 197 `Current_Pending_Sector`, படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் பகுதிகள். இவை இரண்டும் பூஜ்யமாக இருக்கும்வரை ஆறு இலக்க லோடு சைக்கிளுக்காக டிஸ்க்கைத் தூக்கிப் போட மாட்டேன். 197 பூஜ்யத்தை விட்டு ஏற ஆரம்பித்தால், 193 வெறும் ஐயாயிரமாக இருந்தாலும் அன்றே நகலெடுத்துவிடுவேன். பக்கத்திலேயே 192 இருக்கும், `Power-Off_Retract_Count`. மின்சாரம் திடீரென்று போனபோது ஹெட் அவசரமாக ஒதுங்கிய எண்ணிக்கை அது. அந்த அவசர ஒதுக்கம் சாதாரண பார்க்கிங்கைவிடக் கடுமையானது, டிஸ்க் தாங்கும் எண்ணிக்கையும் பல மடங்கு குறைவு. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தே அணைக்கும் பழக்கமும், பேட்டரி செத்துப்போய் சார்ஜரை மட்டும் நம்பி ஓடும் லேப்டாப்பும் இந்த எண்ணைத்தான் ஏற்றும். அக்கா மகன் டிஸ்க்கில் இது இருபத்துச் சொச்சம், 5-உம் 197-உம் பூஜ்யம்.

கடைசியாக நீண்ட சோதனை ஒன்றை ஓட்டினோம்.

```
sudo smartctl -t long /dev/sda
sudo smartctl -l selftest /dev/sda
```

முதல் வரி சோதனையைத் தொடங்கும். 500 ஜிபி டிஸ்க்குக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கலாம். அதுவரை தூங்கவிடாமல் சார்ஜரில் வைத்திருக்க வேண்டும், வேறு வேலை பார்ப்பதற்குத் தடையில்லை. முடிந்த பிறகு இரண்டாவது வரி முடிவைக் காட்டும். `Completed without error` என்று வந்தால் தட்டின் எல்லாப் பகுதியும் படிக்க முடிகிறது. `read failure` என்று வந்தால் அதே வரியில் எந்த இடத்தில் என்றும் எண் இருக்கும். அப்படிப்பட்ட டிஸ்க்கை மாற்றச் சொல்வேன். இவனுக்குப் பிழை இல்லாமல் வந்தது. டிஸ்க்குக்கு ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் பேட்டரியை மாற்றச் சொல்லியிருக்கிறேன். அரை மணி நேரம்கூட நிற்காத அந்தப் பேட்டரிதான் 192-ஐ ஏற்றிக்கொண்டிருந்தது.